கார்னரில் ஆஃப்சைடு உண்டா?

பள்ளிக் கால்பந்து வினாடி வினாவுக்குக் கேள்வி தயாரிப்பவர்கள் பெரும்பாலும் உலகக் கோப்பையை வென்ற அணிகளின் பட்டியலைத்தான் புரட்டுவார்கள். மனப்பாடம் செய்தவன் ஜெயித்துவிடுவான். நான் ஒரே ஒரு விதியை எடுத்துக்கொள்வேன்: ஆஃப்சைடு. விதி, வரலாறு, உத்தி மூன்றுக்கும் அதிலேயே கேள்வி கிடைக்கும்.

முதல் கேள்வி சுலபம். பந்தை எப்படி ஆரம்பித்தால் ஆஃப்சைடு கிடையாது? த்ரோ-இன், கோல் கிக், கார்னர். பாதிப் பேர் மூன்றையும் சொல்லிவிடுவார்கள்.

இரண்டாவதில்தான் அரங்கமே இரண்டுபடும். "கோல்கீப்பரும் ஒரு டிஃபென்டரும் முன்னால் இருந்தால்தான் ஆஃப்சைடு இல்லை. சரியா, தவறா?" தவறு. எதிரணியில் யாராவது இரண்டு பேர் இருந்தால் போதும். கோல்கீப்பர் அதில் ஒருவராக இருக்க வேண்டியதில்லை. இரண்டாவது ஆளுக்கு நேர்கோட்டில் நின்றாலும் பிழையில்லை.

நம்பாதவர்களுக்கு 2010 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தைச் சொல்லலாம். ஜோகன்னஸ்பர்க்கில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மெக்சிகோவுக்கு ஒரு கார்னர். கோல்கீப்பர் குனே பந்தைப் பிடிக்க முன்னே வந்து தவறவிட்டார். ஃபிராங்கோ தலையால் தட்டிய பந்தை, கோலுக்குப் பக்கத்தில் நின்ற கார்லோஸ் வேலா உள்ளே தள்ளினார். லைன்ஸ்மேன் கொடி உயர்ந்தது. கோல்கோட்டருகே ஒரு டிஃபென்டர் நின்றாரே என்று பலரும் குழம்பினார்கள். ஆனால் கோல்கீப்பர் முன்னே வந்துவிட்டதால் வேலாவுக்கு முன்னால் மிஞ்சியது அந்த ஒருவர் மட்டுமே. கார்னரில் ஆஃப்சைடு இல்லைதான். ஃபிராங்கோ பந்தைத் தொட்டதுமே அந்தச் சலுகை முடிந்துவிட்டது.

மூன்றாவது கேள்வி: இந்த 'இரண்டு பேர்' கணக்கு எப்போது வந்தது? 1925இல். அதுவரை மூன்று பேர் வேண்டும். பின்னால் நிற்கும் இரண்டு டிஃபென்டர்களில் ஒருவர் சட்டென்று முன்னேறினாலே எதிரணி ஃபார்வர்டு ஆஃப்சைடில் மாட்டிக்கொள்வார். அது பலிக்காவிட்டாலும் இன்னொருவர் காவலுக்கு இருப்பார். கோல்கள் வறண்டன. விதி மாறியதும் இங்கிலாந்து லீக்கில் 4,700 ஆக இருந்த கோல்கள் அடுத்த சீசனில் 6,373 ஆயின.

நான்காவது, உத்தி: அந்த வெள்ளத்துக்கு அணை போட்டது எப்படி? 1925 அக்டோபரில் நியூகாசிலிடம் 7-0 என்று தோற்றது ஆர்செனல். நடுக்களத்தில் நிற்கும் சென்டர்-ஹாஃபைப் பின்னுக்கு இழுத்து, இரண்டு டிஃபென்டர்களுக்கு நடுவே நிறுத்தலாம் என்றார் அணியின் சார்லி புக்கன். மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன் ஒத்துக்கொண்டார். இரண்டே நாளில் வெஸ்ட் ஹாமை 4-0 என்று வென்றார்கள். அந்த ஏற்பாடு வளர்ந்து 'டபிள்யூ-எம்' அமைப்பானது. மேலிருந்து பார்த்தால் வீரர்கள் அந்த இரு ஆங்கில எழுத்துகளின் வடிவில் நிற்பார்கள். இந்தக் கேள்விக்கு 'டபிள்யூ-எம்' என்று மட்டும் சொன்னால் பாதி மதிப்பெண்தான். பின்னுக்குப் போனது யார் என்றும் சொல்ல வேண்டும்.

சமநிலை வந்தால் முறிக்க ஒன்றைப் பையில் வைத்திருப்பேன். த்ரோ-இன் எறிந்த பந்து யார் மீதும் படாமல் சொந்தக் கோலுக்குள் போய்விட்டால்? கோல் இல்லை. எதிரணிக்குக் கார்னர்.