'நான்' இல்லாத முதல் செய்தி

ஹோ சி மின் நகரத்தில் அட்டைப்பெட்டியும் காகிதப் பையும் தயாரிக்கும் ஒரு கம்பெனி. அதன் விற்பனைப் பிரிவில் லான் என்ற 27 வயதுப் பெண் வேலை பார்க்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். காப்பிக்குப் பேர்போன புவோன் மா துவோட்டிலிருந்து புதிதாக ஒரு நிறுவனம் பைகளுக்கு விலை கேட்கிறது. லான் கைக்கு வந்தது ஒரு பெயரும், ஸாலோ எண்ணும்தான். நம் ஊரில் வாட்ஸ்அப் இருக்கும் இடத்தில் அங்கே இருப்பது ஸாலோ. பெயர் நுயென் ஹா. ஹா என்பது ஆணுக்கும் வரும், பெண்ணுக்கும் வரும். வயது தெரியாது.

அவள் அனுப்ப வேண்டியது ஐந்து சின்ன வாக்கியம். வணக்கம், நான் இன்னார், விலைப்பட்டியல் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள், நன்றி. தமிழில் இதை யாருக்கு வேண்டுமானாலும் அரை நிமிடத்தில் எழுதிவிடலாம். வியட்நாமிய மொழியில் எழுத, தான் ஹாவுக்கு என்ன உறவு என்று லான் முதலில் முடிவு செய்தாக வேண்டும்.

காரணம் அந்த மொழியின் வினைச்சொல்லில் இருக்கிறது. 'அனுப்பியிருக்கிறேன்' என்றால் அனுப்பியது நான்தான் என்பது விகுதியிலேயே தெரிந்துவிடுகிறது. 'பாருங்க' என்பதில் மரியாதையும் சேர்ந்தே வந்துவிடுகிறது. வியட்நாமிய வினைச்சொல்லுக்கு விகுதி கிடையாது. 'அனுப்பு' என்பதற்கான 'குய்' யார் அனுப்பினாலும், யாருக்கு அனுப்பினாலும், என்றைக்கு அனுப்பினாலும் 'குய்'தான். ஆகவே யார் பேசுகிறார், யாரிடம், எவ்வளவு மரியாதையோடு என்ற மூன்றையும் சுமப்பது பெயர்ச்சொற்கள். அந்த இடத்தில் அவர்கள் பயன்படுத்துவது அண்ணன், அக்கா, சித்தப்பா, அத்தை, தாத்தா, பாட்டி, தம்பி, தங்கை என்ற உறவுச் சொற்களை.

முன்பின் தெரியாதவரை அண்ணே என்றும் அக்கா என்றும் கூப்பிடுவது நமக்குப் பழக்கம்தான். ஆனால் அண்ணே என்று அழைத்த பிறகும் நாம் 'நான்' என்றுதான் சொல்லிக்கொள்கிறோம். அங்கே எதிரில் இருப்பவரை 'ஆன்', அதாவது அண்ணன், என்று அழைத்த மறுகணமே பேசுபவர் 'எம்' ஆகிவிடுவார். எம் என்பது இளையவர். தம்பிக்கும் தங்கைக்கும் அது ஒன்றே. அக்காவுக்கு 'சி'. பெற்றோரின் தலைமுறை ஆளை 'சூ' என்று சித்தப்பா ஆக்கினால், தன்னை வடக்கில் 'சௌ' என்றோ தெற்கில் 'கோன்' என்றோ பிள்ளையாக்கிக்கொள்ள வேண்டும். இரண்டு நாற்காலியும் ஒரே நேரத்தில் போடப்படுகின்றன.

'நான்' என்பதற்கு ஒரு பொதுச்சொல் இல்லாமல் இல்லை. 'தோய்' என்று ஒன்று இருக்கிறது. மேடைப் பேச்சிலும் எழுத்திலும் இயல்பாக வரும். ஆனால் இளம் விற்பனையாளர் ஒருவர் புது வாடிக்கையாளருக்கு எழுதும் செய்தியில் அது வந்தால் விறைப்பாக இருக்கும். நேற்று வரை எம் என்று எழுதியவர் இன்று திடீரென்று தோய் என்று எழுதினால், மனவருத்தம் வந்துவிட்டது என்றே எதிராளி எடுத்துக்கொள்வார். 'பான்' என்ற சொல்லும் வெளிநாட்டவரை அடிக்கடி ஏமாற்றும். பாடப்புத்தகங்கள் முதலில் கற்றுக்கொடுக்கும் 'நீங்கள்' அதுதான், பொருள் 'நண்பர்'. ஒத்த வயதுக்காரரிடமும் விளம்பரத்திலும் செல்லும். ஐம்பது வயது முதலாளியைப் பான் என்றால் அவரைத் தோளில் தட்டியது போலாகும்.

சரி, லான் என்ன எழுதுவாள்? ஹாவின் வயது தெரியாததால் அவரை மூத்தவராகவே வைத்துக்கொள்வாள். வியாபாரத்தில் வாடிக்கையாளர் என்றாலே மூத்தவர். உண்மையில் ஓரிரு வயது இளையவராக இருந்தாலும் பரவாயில்லை. ஆணா பெண்ணா தெரியாததால் இரண்டு சொல்லையும் நடுவில் சாய்கோடு போட்டு எழுதுவாள். முதல் வரி இப்படி வரும்: 'யா, எம் சாவ் ஆன்/சி ஹா ஆ.' சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'ங்க, தங்கை வணக்கம் அண்ணன்/அக்கா ஹா ங்க'. தொடக்கத்தில் வரும் 'யா'வும் கடைசியில் வரும் 'ஆ'வும் மரியாதை அசைகள். மிச்சமும் இதே அச்சுதான். தங்கை பெட்டிக் கம்பெனி லான். தங்கை அண்ணன்/அக்காவுக்கு விலைப்பட்டியல் அனுப்பு. அண்ணன்/அக்கா தங்கைக்காகப் பாருங்க. தங்கை நன்றி அண்ணன்/அக்கா. ஐந்து வாக்கியத்தில் 'எம்' ஐந்து தடவை, 'ஆன்/சி' நான்கு தடவை.

இவ்வளவு எதற்கு என்று அந்தச் சொற்களை உருவிவிட்டு, 'விலைப்பட்டியல் அனுப்பியாச்சு' என்ற அளவில் சுருக்கினால் பெரிய பிழை. மூத்தவரிடம் இப்படி மொட்டையாகப் பேசுவதற்கு அவர்களிடம் 'வெறுமையாகப் பேசுவது' என்றே ஒரு தனிப்பெயர் உண்டு. குழந்தைகளைக் கண்டித்துத் திருத்தும் பழக்கம் அது. நீளமாகத் தெரிகிற அந்தச் சொற்கள் நமது 'ஏன்', 'ங்க' விகுதிகள் செய்யும் வேலையைத்தான் செய்கின்றன.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். லான் 'நுயென்' என்று விளிக்கவில்லை. அது குடும்பப் பெயர். நாட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அதே பெயர்தான். அழைப்பதற்கு உரியது கடைசியில் வரும் சொந்தப் பெயர். வோ நுயென் ஜியாப்பை உலகம் தளபதி ஜியாப் என்று சொன்னது அந்த வழக்கப்படிதான். ஹோ சி மின்னை 'பாக் ஹோ', அதாவது ஹோ பெரியப்பா, என்று குடும்பப் பெயரோடு அழைப்பது அபூர்வமான விதிவிலக்கு.

இனி, பதில். கவனித்துப் படிக்க வேண்டியது அதைத்தான். 'சாவ் எம், சி...' என்று தொடங்கினால் எல்லாம் தெளிந்துவிட்டது: ஹா ஒரு பெண், தன்னை அக்காவாக ஏற்றுக்கொண்டார், லானைத் தங்கையாக வைத்துவிட்டார். அடுத்த செய்தியிலிருந்து சாய்கோடு போய்விட வேண்டும். அதற்குப் பிறகும் 'ஆன்/சி' என்றே எழுதினால் பதிலைப் படிக்கவில்லை என்று பொருள். ஹா தன்னை 'மின்' என்று குறித்தால் அது நட்பான சமநிலை. லான் எம் என்றே தொடரலாம். ஹாவும் தன்னை எம் என்றே எழுதினால் இரு தரப்பும் பணிந்து நிற்கிறது என்று அர்த்தம். அப்போது, 'எப்படி விளித்தால் வசதி?' என்று நேராகக் கேட்டுவிடலாம். பிறந்த ஆண்டையும் கேட்கலாம். அந்தக் கேள்வியில் அங்கே யாருக்கும் சங்கடமில்லை.

நல்லெண்ணத்தோடு செய்யும் தவறு ஒன்று இருக்கிறது: மரியாதையைக் கூட்டுவதாக நினைத்து ஒரு படி மேலே போவது. நாற்பத்திரண்டு வயதுப் பெண்ணை 'சி' என்னாமல் 'கோ', அத்தை, என்று அழைத்தால் அவருக்கு வயதைக் கூட்டியதாகிறது. எழுதியவரும் பிள்ளையாகிவிடுவதால், தவணைக்கும் தள்ளுபடிக்கும் பேரம் பேச வேண்டிய இடத்தில் நிற்கவே முடியாது. அதனால்தான் அலுவலக வட்டாரத்தில், வயது வித்தியாசம் சற்று அதிகமாக இருந்தாலும், ஆன், சி என்ற படியிலேயே பலரும் நின்றுவிடுகிறார்கள். மூத்தவர் 'உ' என்று ஒற்றை எழுத்தில் 'ம்' போடலாம். இளையவர் அதைத் திருப்பிப் போடக் கூடாது. 'யா' என்று தொடங்கித்தான் ஆமோதிக்க வேண்டும்.

பேரம் படிந்து ஒப்பந்தம் எழுதும்போது இந்த உறவுகள் எதுவும் தாளில் ஏறாது. அதில் இருப்பது 'பென் ஆ', 'பென் பே', அதாவது அ தரப்பு, ஆ தரப்பு. ஆட்களைக் குறிக்க 'ஓம்', 'பா' என்ற திரு, திருமதிகள். கையெழுத்தான தாளைப் படமெடுத்து ஸாலோவில் அனுப்பும்போது லான் அதன் கீழே மறுபடி எழுதுவது, 'தங்கை அக்காவுக்கு ஒப்பந்தம் அனுப்பு ங்க' என்றுதான்.