உப்புக்காரி கேட்ட எதிர்க்கேள்வி

காவிரிப்பூம்பட்டினத்துக் கழியோரம் வரிசையாகக் கட்டிக் கிடந்த படகுகள், லாயத்தில் நிற்கும் குதிரைகளைப் போல இருந்தன என்கிறது பட்டினப்பாலை. வெள்ளை உப்பை ஏற்றிப் போய், விலை கூறி விற்று, நெல்லோடு திரும்பிய படகுகள் அவை. விலை கூறினார்கள் என்பதோடு அந்தப் பாட்டு நகர்ந்துவிடுகிறது. எப்படிக் கூவினார்கள் என்று கேட்க எனக்கு ஆசை. அதற்கு அகநானூற்றின் 390-ஆம் பாட்டுக்குத்தான் போகவேண்டும். அம்மூவனார் பாடியது. அதில் ஊர்ப்பெயர் ஏதும் இல்லை. ஆனால் உப்பைக் கொடுத்து நெல்லை வாங்கும் அதே வியாபாரம்தான்.

ஓர் இளம்பெண் சேரி சேரியாகக் கூவி வருகிறாள். நெல்லும் உப்பும் சமம், நம் பேச்சில் படிக்குப் படி என்று முதலில் விலையைச் சொல்லிவிடுகிறாள். அடுத்து ஊராரை விளிக்கிறாள். கடைசியில், வாங்கமாட்டீர்களா என்று கேட்கிறாள். இந்த வரிசையில் விற்பவளின் சாமர்த்தியம் இருக்கிறது. உள்ளே வேலையாக இருப்பவள் காதில் முதலில் விழுவது விலை. அழைப்பு முடிவதற்குள் அவள் நெல்லை அள்ளலாமா என்று யோசித்திருப்பாள்.

இந்தக் கூவலை ஆசிரியப்பாவுக்குள் அம்மூவனார் வைத்திருக்கும் விதம் அழகு. விலையும் விளியும் நான்கு சீர் கொண்ட ஓர் அடியை அப்படியே நிரப்புகின்றன. கேள்வி அடுத்த அடியின் தொடக்கத்தில் விழுகிறது. தெருவில் கூவுகிறவள் மூச்சு வாங்க நிற்கும் இடத்தில்தான் அடியும் முடிகிறது. கேள்வியின் கடைசி ஓகாரத்தைத் தெருக்கோடி வரை நீட்டலாம்.

இனி விளையாட்டு. தலைவன் அவளை வழிமறிக்கிறான். கூடையில் உள்ள உப்புக்கு விலை சொன்னாய், உன் மேனியில் வாழும் உப்பின் விலை தெரியவில்லையே என்கிறான். அவள் பெரிய கண்களால் அவனைப் பார்த்து, என்னை மறிக்கும் நீர் யார் என்று சிரித்துக்கொண்டே விலகுகிறாள். மூலத்தை வாய்விட்டுப் படித்தால் ஒன்று புரியும். அவள் கூவிய கேள்வியும் இந்த எதிர்க்கேள்வியின் முதற்சொல்லும் ‘-ஈரோ’ என்ற ஒரே ஒலியில் முடிகின்றன. ஊராரை விளித்த அதே ‘-ஈர்’ இவனை விளிக்கும்போது அளபெடுத்து நீள்கிறது. விற்கும் குரலிலேயே அவனை மடக்கிவிட்டாள். பாட்டின் குறும்பு முழுவதும் இந்த ஓசையில்தான் இருக்கிறது என்பேன்.

அம்மூவனாரே பாடிய அகநானூற்று 140-ஆம் பாட்டிலும் ஓர் உப்புக்காரி வளையல் ஒலிக்கக் கைவீசிக் கூவுகிறாள். அங்கே விலை மட்டும்தான். விளியும் இல்லை, கேள்வியும் இல்லை. அதனால் பதில் சொல்ல ஆளில்லை, வீட்டு நாய் குரைக்கிறது. அவள் கண்கள் மிரள்கின்றன. அதைப் பார்த்த தலைவனுக்கு அங்கே பேச்சே எழவில்லை. அவளுடைய தந்தையின் வண்டியைச் சேற்றிலிருந்து இழுக்கும் மாட்டைப் போலப் பெருமூச்சு விடுகிறான்.

(தொடரும்)