எந்தப் பத்திரம் அதிகம் இறங்கும்?

வட்டி விகிதம் ஏறினால் கையிலுள்ள கடன் பத்திரங்களின் விலை இறங்கும் என்பதும், இரண்டு பத்திரங்களுள் முதிர்வுக் காலம் நீண்டதே அதிகமாக இறங்கும் என்பதும் பணம் போட்டு வைப்போரிடையே வேரூன்றிவிட்ட அபிப்பிராயங்கள். இவற்றுள் முன்னது உண்மை. பின்னதோ எப்போதும் நம்பத்தக்கதன்று.

ஆயிரம் ரூபாய் முகமதிப்புள்ள இரண்டு சர்க்கார் பத்திரங்களை எடுத்துக்கொள்வோம். சந்தை வட்டி 7 சதவீதம். முதலாவது, 15 வருஷம் ஆண்டுதோறும் 70 ரூபாய் வட்டி தந்து முடிவில் முதலைத் திருப்புவது. அதன் விலை 1,000 ரூபாய். இரண்டாவது, 'ஜீரோ கூப்பன்' வகையைச் சேர்ந்தது. இடையில் சல்லிக்காசும் தராமல் 10-ஆம் வருஷ முடிவில் ஆயிரத்தை மொத்தமாகத் தருவதாகையால், இன்று சுமார் 508 ரூபாய்க்குக் கிடைக்கும். (நம் சர்க்கார் பத்திரங்கள் அரையாண்டுக்கு ஒருமுறை வட்டி தருபவை, கணக்கின் எளிமைக்காக ஆண்டு வட்டியாகக் கொண்டேன்.)

பத்திரக்காரர் தம் பணத்துக்காகச் சராசரியாக எத்தனை வருஷம் காத்திருக்கிறார் என்பதை அளக்க, 1938-இல் பிரெடரிக் மெக்காலே என்ற பொருளாதார அறிஞர் ஒரு பிரமாணம் வகுத்தார்; அதுவே டியூரேஷன். வரவேண்டிய ஒவ்வொரு தொகையையும் இன்றைய மதிப்புக்குக் குறைத்து, அம்மதிப்பின் விகிதப்படி அது வரும் வருஷத்துக்கு எடை கொடுத்துச் சராசரி காண்பது அதன் முறை. முதல் பத்திரத்தின் கடைசி வரவான 1,070 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு 388 ரூபாய்தான். எஞ்சிய 612 ரூபாய் அதற்கு முன்பே வட்டியாக வந்து சேர்ந்துவிடுகிறது. ஆகவே அதன் டியூரேஷன் 15 அன்று, 9.75 வருஷமே. இரண்டாவதற்கோ வரவே ஒன்றுதான். எனவே முழுசாக 10 வருஷம்.

இவற்றை 1.07-ஆல் வகுத்தால் 9.11, 9.35 என்று கிடைக்கும். இதற்கு 'மாடிஃபைட் டியூரேஷன்' என்று பெயர். வட்டி ஒரு சதவீதப் புள்ளி ஏறினால் விலை ஏறக்குறைய எத்தனை சதவீதம் இறங்கும் என்பதை இது சொல்கிறது.

வட்டி 8 சதவீதமானதும் சோதித்துப் பார்ப்போம். முதலாவது 914 ரூபாய்க்கு வருகிறது; இறக்கம் 8.56 சதவீதம். இரண்டாவது 463 ரூபாயாகிறது, இறக்கம் 8.88 சதவீதம். ஐந்து வருஷம் முந்தி முதிரும் பத்திரமே அதிகம் நஷ்டப்பட்டது! மதிப்பீட்டை விட இரண்டுமே சற்றுக் குறைவாக இறங்கியதற்குக் காரணம், விலைக்கும் வட்டிக்கும் உள்ள சம்பந்தம் நேர்கோடாக இராமல் வளைந்திருப்பதே. மாற்றம் பெரிதாகப் பெரிதாக இப்பிழையும் வளரும். வட்டி கால் சதவீதமே அசையும்போது இது பொருட்படுத்தத் தக்கதன்று.

இதைக் காட்டிலும் பெரிய குறை வேறொன்று. பத்து வருஷ வட்டியும் பதினைந்து வருஷ வட்டியும் ஒரே அளவு ஏறின என்று நாம் வைத்துக்கொண்டோம். சந்தை அவ்வளவு ஒழுங்காக நடப்பதில்லை. பத்து வருஷ வட்டி அரை சதவீதமும் பதினைந்து வருஷ வட்டி முக்கால் சதவீதமும் ஏறுமாயின், வரிசை தலைகீழாகும். அப்போது அந்தந்த ஏற்றத்தை அந்தந்த டியூரேஷனால் பெருக்கியே ஒப்பிட வேண்டும்.

கடன் பத்திரங்களில் முதலிடும் மியூச்சுவல் ஃபண்டுகளின் மாதாந்தர அறிக்கையில் சராசரி முதிர்வுக் காலமும் மாடிஃபைட் டியூரேஷனும் தனித்தனியே அச்சாகின்றன. வட்டி ஏறும் என்று அஞ்சுகிறவர்கள் பின்னதையே முதலில் பார்க்கவேண்டும்.