ஆபீஸில் ஃபிட்ஸ் வந்தால் யாருக்குத் தெரிந்திருக்க வேண்டும்? மேனேஜரிடம் எதைச் சொல்வது, எங்கே நிறுத்துவது?

வலிப்பு நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொண்டே வேலைக்குப் போகிறவர்களுக்கு இரண்டு பக்கமும் பயம். யாரிடமும் சொல்லாவிட்டால், ஃபிட்ஸ் வரும் அன்று பக்கத்து சீட்டில் இருப்பவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார், வாயில் ஸ்பூனை வைப்பார். மேனேஜரிடம் சொன்னால், சாயங்காலத்துக்குள் ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிடுமோ என்ற கவலை. இதற்கு நடுவில் ஒரு வழி உண்டு. பக்கத்தில் இருக்கும் சிலருக்கு மட்டும், முதலுதவியை மட்டும் சொல்லும்படி மேனேஜரிடம் எழுத்தில் கேட்பது. அது எப்படி என்று பார்ப்போம்.

ஒரு உதாரணம்

பொழிச்சலூரில் வீடு, பல்லாவரம் ஜிஎஸ்டி சாலைப் பக்கம் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. 29 வயதுப் பெண் என்று வைத்துக்கொள்வோம். இவருக்கு வருடத்தில் இரண்டு, மூன்று முறை ஃபிட்ஸ் வருகிறது. முதலில் பேச்சு நின்று, ஒரே இடத்தை வெறித்துப் பார்ப்பார், விரல்கள் துப்பட்டாவை நிமிண்டிக்கொண்டே இருக்கும். சில சமயம் அதோடு நின்றுவிடும். சில சமயம் கீழே விழுந்து, கை கால் வெட்டி இழுக்கும். இரண்டு நிமிடத்தில் நின்றுவிடும். பிறகு அரை மணி நேரம் குழப்பமும் தூக்கமும் இருக்கும்.

மேனேஜரிடம் போவதற்கு முன்பு இந்த விவரத்தைத்தான் தயார் செய்ய வேண்டும். 'எனக்கு வலிப்பு நோய் இருக்கு' என்று மட்டும் சொன்னால் கேட்பவருக்குப் பயம்தான் வரும். 'இப்படி ஆரம்பிக்கும், இவ்வளவு நேரம் இருக்கும், இப்படி முடியும்' என்றால் என்ன செய்வது என்று புரியும். ஃபிட்ஸ் வரும்போது தனக்கு நினைவு இருக்காது என்பதால், வீட்டில் பார்த்தவர்களிடமும் நரம்பியல் டாக்டரிடமும் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.

மேனேஜருக்கு என்ன எழுதுவது?

நேரில் பேசிவிட்டு, அன்றே ஒரு சின்ன மெயில் அனுப்பலாம். இப்படி:

"சார், காலையில் பேசியது பற்றி. எனக்கு எப்போதாவது ஃபிட்ஸ் வரும், சிகிச்சையில் இருக்கிறேன். என் வரிசையில் உட்காரும் இரண்டு பேருக்கும், டீம் லீடருக்கும் மட்டும், இணைப்பில் உள்ள ஒரு பக்கத்தை நான் கூட இருக்கும்போது விளக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பக்கத்தில் இருப்பதைத் தவிர, என் மருந்து, காரணம், பழைய ஃபிட்ஸ் விவரம் எதையும் சொல்ல வேண்டாம். குரூப்பில் போட வேண்டாம். வேறு யாருக்காவது சொல்ல வேண்டியிருந்தால் முதலில் என்னிடம் கேளுங்கள். இந்தச் சம்மதத்தை நான் பிறகு மாற்றிக்கொள்ளலாம். அவசரத்தில் ஆம்புலன்ஸ் ஊழியரிடமும் டாக்டரிடமும் தெரிந்ததைச் சொல்லலாம். வீட்டுக்கு என்றால் என் அண்ணனுக்கு மட்டும் போன் செய்யுங்கள்."

இதில் நான்கு எல்லைகள் இருக்கின்றன: யாருக்கு, எது, எந்த வழியில், எதுவரை. 'கொஞ்சம் நம்பிக்கையானவங்ககிட்ட சொல்லுங்க சார்' என்று பொதுவாகச் சொன்னால், அந்த நம்பிக்கையானவர் யார் என்பதை மேனேஜர்தான் முடிவு செய்வார். ஆளைக் குறிப்பிட்டால் அந்தக் குழப்பம் இல்லை. ஆம்புலன்ஸுக்கான விதிவிலக்கும் முக்கியம். அது இல்லாவிட்டால், 'யாரிடமும் சொல்லக் கூடாது என்றாரே' என்று அவசர நேரத்தில் ஒருவர் தயங்கக்கூடும்.

அந்த ஒரு பக்கத்தில் என்ன இருக்க வேண்டும்?

முதல் வரி: மணியைப் பாருங்கள். பதற்றத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடம் போலத் தெரியும். நேரம் தெரியாமல் அடுத்த முடிவை எடுக்க முடியாது.

வெறித்துப் பார்க்கும் நிலையில் இருந்தால், கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. மாடிப்படி, சூடான டீ, கண்ணாடிக் கதவு இருக்கும் பக்கம் போகாமல் மெதுவாக வழியைத் திருப்பி, அமைதியாகப் பேசிக்கொண்டு கூடவே இருந்தால் போதும்.

விழுந்து இழுத்தால், நாற்காலி, மேசை முனையை நகர்த்துங்கள். தலைக்குக் கீழே மடித்த துண்டோ பையோ வையுங்கள். கண்ணாடியைக் கழற்றி, கழுத்தில் இறுக்கமாக இருப்பதைத் தளர்த்துங்கள். எச்சில் வெளியே வழிந்து மூச்சு தடைபடாமல் இருக்க, முடிந்தவுடன் ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். கை காலை அழுத்திப் பிடிக்க வேண்டாம், காயம்தான் ஆகும். இரும்பைக் கையில் கொடுத்தால் ஃபிட்ஸ் நிற்காது. அது தானாக நிற்கும் நேரத்தில் சாவி கையில் இருந்ததால் வந்த நம்பிக்கை அது. வாயில் எதையும் வைத்தால் பல் உடையலாம், மூச்சுக்குழாய் அடைக்கலாம்.

108-க்கு எப்போது? இழுப்பு 5 நிமிடம் தாண்டினால், முழு நினைவு வருவதற்குள் அடுத்தது வந்தால், நின்ற பிறகும் மூச்சு சீராகாவிட்டால், தலையில் அடிபட்டிருந்தால் உடனே அழைக்க வேண்டும். ஏற்கெனவே ஃபிட்ஸ் உள்ளவருக்கு வழக்கம்போல இரண்டு நிமிடத்தில் நின்றுவிட்டால், பெரும்பாலும் ஆஸ்பத்திரி தேவைப்படாது. ஆனால் டாக்டர் அவருக்கென்று வேறு சொல்லியிருந்தால் அதையே எழுத வேண்டும். கர்ப்பமாக இருப்பவர், முதல்முறை ஃபிட்ஸ் வருபவர் என்றால் காத்திருக்கவே வேண்டாம்.

தண்ணீர் எப்போது? பெயர், இடம் கேட்டால் தெளிவாகப் பதில் சொன்ன பிறகுதான்.

எல்லை எங்கே மீறப்படுகிறது?

பெரும்பாலும் நல்ல எண்ணத்தில்தான். 'எல்லாரும் கொஞ்சம் பார்த்துக்கோங்க' என்று வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் போனால் போதும், பிறகு அதைத் திரும்ப எடுக்க முடியாது. இரண்டாவது, கேட்காமலே வேலையை மாற்றுவது. 'உனக்கு வேண்டாம்மா' என்று ஆடிட் வேலையை வேறொருவருக்குக் கொடுத்தால், முதலுதவிக்காகச் சொன்ன விஷயம் வேலையைத் தீர்மானிக்கப் பயன்பட்டுவிட்டது என்று அர்த்தம்.

மூன்றாவது, செல்போன் வீடியோ. ஃபிட்ஸ் எந்த வகை என்று கண்டுபிடிக்க டாக்டருக்கு வீடியோ உண்மையிலேயே உதவும். அதனால் முழுசாக மறுப்பதைவிட முன்கூட்டியே விதி வைப்பது நல்லது: டீம் லீடர் மட்டும் எடுக்கலாம், எனக்கு மட்டும் அனுப்ப வேண்டும், அனுப்பியதும் அழிக்க வேண்டும். எடுக்கவே வேண்டாம் என்றால் அதையும் அந்தப் பக்கத்தில் எழுதிவிடலாம்.

அந்த மூன்று பேரும் லீவில் இருந்தால்?

இந்த ஏற்பாட்டில் இருக்கும் ஓட்டை இதுதான். ஆடிட் முடிந்த வாரம் மூவரும் இல்லாத நாளில் ஃபிட்ஸ் வரலாம். அதற்காக இன்னும் பத்துப் பேரிடம் சொல்ல வேண்டியதில்லை. அலுவலகம் முழுவதற்கும் பொதுவான முதலுதவி வகுப்பு ஒன்றை மேனேஜர் ஏற்பாடு செய்யலாம். மாரடைப்பு, தீக்காயம் ஆகியவற்றோடு ஃபிட்ஸும் ஒரு பாடமாக இருக்கும், யார் பெயரும் வராது. ஆனால் மெயில் வந்த மறுநாளே ஃபிட்ஸுக்கு மட்டும் வகுப்பு நடத்தினால், யாருக்காக என்று எல்லோருக்கும் புரிந்துவிடும்.

சட்டம் துணை நிற்குமா?

ஓரளவுதான். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் வலிப்பு நோய் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. அதனால் 'சொல்லிவிட்டேன், இனி பாதுகாப்பு தானாக வந்துவிடும்' என்று நினைக்க முடியாது. 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் குறிப்பிட்ட நோக்கத்துக்கு மட்டுமே, அதைத் திரும்பப் பெறலாம் என்கிறது. மேலே பார்த்த மெயிலும் இதே கொள்கையில்தான் அமைந்திருக்கிறது. நாளை ஏதாவது பிரச்சினை வந்தால், எதற்குச் சம்மதித்தீர்கள், எதற்குச் சம்மதிக்கவில்லை என்பதைக் காட்ட அந்த மெயில்தான் கையில் இருக்கும்.

டீம் மாறினாலோ, மேனேஜர் மாறினாலோ அந்த மெயிலை அப்படியே விட்டுவிடாதீர்கள். புது ஆட்களின் பெயரோடு, மருந்தோ ஃபிட்ஸின் தன்மையோ மாறியிருந்தால் அதற்கேற்பத் திருத்திய பக்கத்தோடு, மறுபடி அனுப்புங்கள்.