நாலு பில்லுக்கு ஒரே கெடு

தென்காசியில் ஒரு ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி விற்பனைக்காக ஈரோட்டு மொத்த வியாபாரியிடம் கடனுக்குச் சரக்கு எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சரக்கு நாலு தடவையாக வந்தது, பில்லும் நாலு. முதல் பில் 40,000 ரூபாய், கெடு ஜூன் 5. அடுத்தது 25,000, ஜூன் 20. மூன்றாவது 60,000, ஜூலை 8. கடைசி பில் 75,000, ஜூலை 30. ஆக மொத்தம் 2 லட்சம். கெடு தாண்டினால் வருஷத்துக்கு 18 சதவீதம் தனிவட்டி என்பது பேச்சு.

கடைக்காரர் எந்தக் கெடுவிலும் பணம் கட்டவில்லை. செப்டம்பர் 18 அன்று மொத்தமாகத் தீர்க்க வருகிறார். வட்டி எவ்வளவு?

நாலு பில்லுக்கும் தனித்தனியாக நாள் எண்ணி வட்டி போட்டுக் கூட்டலாம். நாலு என்றால் பரவாயில்லை, நாற்பது பில் இருந்தால் முதுகு ஒடியும். அதனால் கணக்கு எழுதுகிறவர்கள் எல்லாப் பில்லுக்கும் பொதுவாக ஒரு கெடுவைக் கண்டுபிடிக்கிறார்கள். அதற்குச் சராசரித் தவணை நாள் என்று பெயர். அந்த ஒரு நாளில் 2 லட்சத்தையும் கட்டினால் வாங்கியவருக்கும் நஷ்டமில்லை, விற்றவருக்கும் நஷ்டமில்லை. முந்தைய பில்களுக்குத் தாமதமானதால் சேரும் வட்டியும், பிந்தைய பில்களுக்கு முன்கூட்டியே கட்டியதால் கழியவேண்டிய வட்டியும் நேருக்கு நேர் கழிந்துபோகும்.

அதைக் கண்டுபிடிக்க முதல் கெடுவான ஜூன் 5-ஐ அடிப்படை நாளாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து மற்றக் கெடுக்கள் 15, 33, 55 நாள் தள்ளி இருக்கின்றன. ஒவ்வொரு தொகையையும் அதன் நாளால் பெருக்க வேண்டும். முதல் பில்லுக்குப் பூஜ்யம். மற்ற மூன்றுக்கும் முறையே 3,75,000, 19,80,000, 41,25,000. கூட்டினால் 64,80,000. அதை 2 லட்சத்தால் வகுத்தால் 32.4 வருகிறது. அரை நாளுக்குக் குறைவானதை விட்டுவிட்டு 32 நாள் என்று கொண்டால், ஜூன் 5-லிருந்து எண்ணி ஜூலை 7. அடிப்படை நாளாக வேறு எதை எடுத்தாலும் விடை இதேதான் வரும்.

ஜூலை 7-லிருந்து செப்டம்பர் 18 வரை 73 நாள், அதாவது வருஷத்தில் ஐந்தில் ஒரு பங்கு. 2 லட்சத்துக்கு 18 சதவீத வட்டி 36,000. அதில் ஐந்தில் ஒன்று 7,200 ரூபாய். தனித்தனியாகப் போட்டுப் பார்த்தால் 7,160 ரூபாய் 55 காசு வருகிறது. வித்தியாசம் சுமார் 39 ரூபாய், நாம் விட்டுவிட்ட 0.4 நாளின் வட்டி அது.

தவறு நடக்கிற இடம் வேறு. தொகையைப் பார்க்காமல் நாட்களை மட்டும் கூட்டி நாலால் வகுப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் சுமார் 26 நாள், அதாவது ஜூலை 1 என்று வரும். பெரிய பில்கள் பின்னால் இருப்பதால் உண்மையான நாள் இன்னும் தள்ளித்தான் விழவேண்டும். இந்த ஆறு நாள் பிசகுக்குக் கடைக்காரர் தண்டமாகக் கட்டுவது ஏறக்குறைய 590 ரூபாய். பில் போட்ட தேதியையே கெடு என்று எடுத்துவிடுவது அதைவிட மோசம். முப்பது நாள் கடன் என்றால் அந்த முப்பது நாளுக்கும் வட்டி ஏறிவிடும்.

நடுவில் கொஞ்சம் பணம் கட்டியிருந்தால்தான் ஆட்கள் குழம்புவார்கள். கடைக்காரர் ஜூலை 25 அன்று 50,000 கட்டினார் என்போம். அது அடிப்படை நாளிலிருந்து 50-வது நாள். பெருக்கினால் 25 லட்சம். அதை 64,80,000-இல் கழித்தால் மிச்சம் 39,80,000. பாக்கித் தொகை ஒன்றரை லட்சத்தால் வகுத்தால் சுமார் 27 நாள், கெடு ஜூலை 2. “பணம் கட்டின பிறகு கெடு முன்னால போகுதே, இதென்ன அநியாயம்?” என்று கடைக்காரர் கேட்பார். அநியாயம் இல்லை. அந்த 50,000 வந்ததே சராசரி நாளுக்குப் பதினெட்டு நாள் கழித்து. அந்தத் தாமதத்தின் வட்டி பாக்கியின் தலையில் ஏறுகிறது, அதனால் நாள் முன்னுக்கு வருகிறது. செப்டம்பர் 18 வரைக்கும் வட்டி 5,800 ரூபாய் சொச்சம்தான், முன்பைவிடக் குறைவு.

இந்த முறை தனிவட்டிக்கும், எல்லாப் பில்லுக்கும் ஒரே விகிதம் இருக்கும்போதும் மட்டுமே செல்லும். விற்றவர் வெறும் வியாபாரியாக இல்லாமல், பதிவு செய்த குறு அல்லது சிறு உற்பத்தியாளராக இருந்தால் நிலைமை மாறும். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தம் என்ன சொன்னாலும் அவருக்கு 45 நாளுக்குள் பணம் போய்ச் சேரவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் அசலோடு சேரும் கூட்டுவட்டி. அங்கே சராசரி நாளை வைத்துப் போட்டால் கணக்கு உதைக்கும். ஒவ்வொரு பில்லையும் தனியாகத்தான் போட்டாக வேண்டும்.