அத்தைக்கு வந்த நோட்டீஸும் அந்த 15 நாளும்

“இந்த அறிவிப்பு கிடைக்கப்பெற்ற 15 தினங்களுக்குள் மேற்படி காசோலைத் தொகையைச் செலுத்தத் தவறும் பட்சத்தில், எனது கட்சிக்காரர் தங்கள் மீது குற்றவியல் நடவடிக்கை எடுப்பார்.” ராஜபாளையத்தில் தையல் கடை நடத்தும் அத்தைக்கு ஸ்பீடு போஸ்டில் வந்த வக்கீல் நோட்டீஸ் இப்படி முடிந்தது. அவர் கண்ணில் ‘குற்றவியல்’ என்ற சொல் மட்டும்தான் பட்டது. நோட்டீஸைப் போட்டோ எடுத்து மதுரையில் வக்கீலாக இருக்கும் அண்ணன் மகளுக்கு அனுப்பி, “15 நாளுக்குள்ள பதில் போடலைன்னா போலீஸ் வந்துருமா?” என்று கேட்டார். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்று அவள் கடிதமாகவே எழுதி அனுப்பினாள்.

“அத்தை, நோட்டீஸுக்காகப் போலீஸ் வராது. வழக்குப் போட்டு, கோர்ட் சம்மன் அனுப்பி, அதையும் மதிக்காமல் நீங்கள் போகாமல் இருந்தால்தான் வாரன்ட் பேச்சே வரும். அதோடு, இந்த 15 நாள் பதில் எழுதுவதற்கான கெடு இல்லை. பணம் கட்டுவதற்கான கெடு.”

பலரும் தடுமாறும் இடம் இதுதான். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் பதிலுக்கென்று கெடு எதுவும் கிடையாது. கணக்கில் பணமில்லாமல் செக் திரும்பினால், அந்தத் தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் செக்கை வைத்திருப்பவர் எழுத்து மூலம் பணம் கேட்க வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாட்களுக்குள் தொகையைக் கட்டிவிட்டால் குற்றமே உண்டாகாது. கட்டாமல் கெடு தாண்டினால், அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் அவர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் கொடுக்கலாம்.

அத்தையின் கணக்கை மருமகள் தேதி தேதியாகப் போட்டுக் காட்டியிருந்தாள். செக் திரும்பியதாக வங்கி மெமோ கொடுத்தது மார்ச் 3. நோட்டீஸ் அனுப்பியது மார்ச் 20; 30 நாளுக்குள் வந்துவிடுகிறது, அதில் ஓட்டை தேட முடியாது. அத்தை கையெழுத்துப் போட்டு வாங்கியது மார்ச் 24. வாங்கிய நாளை விட்டுவிட்டு மறுநாளிலிருந்து எண்ணினால் ஏப்ரல் 8-இல் கெடு முடிகிறது. நோட்டீஸின் தலைப்பில் இருக்கும் தேதியிலிருந்து எண்ணிப் பயப்படுகிறவர்கள் உண்டு. கைக்கு வந்த தேதிதான் கணக்கு. தபால்காரர் உறையில் எழுதும் குறிப்பை நம்பி ‘வாங்கவே மாட்டேன்’ என்று திருப்பி அனுப்புவதும் உதவாது. சரியான முகவரிக்கு அனுப்பிய தபாலை வேண்டுமென்றே மறுத்தால், அது சேர்ந்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும்.

அப்படியானால் பதில் எதற்கு? அத்தையின் விஷயத்தில் அதுதான் முக்கியம். அவர் ஒரு ஃபைனான்ஸ்காரரிடம் 2,00,000 ரூபாய் கடன் வாங்கியபோது, கையெழுத்து மட்டும் போட்ட செக் ஒன்றை ஈடாகக் கொடுத்திருந்தார். பிறகு ஜிபே மூலம் 80,000 ரூபாய் அடைத்துவிட்டார். ஃபைனான்ஸ்காரர் அதைக் கழிக்காமல் 2,00,000 என்று நிரப்பி வங்கியில் போட்டிருக்கிறார்.

‘வெற்று செக்தானே கொடுத்தேன்’ என்பது மட்டும் தப்பிக்க வழி ஆகாது. கையெழுத்து உங்களுடையது என்றால், கடனுக்காகவே செக் கொடுத்ததாகச் சட்டம் முதலில் அனுமானிக்கும். இல்லை என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. ஆனால் 80,000 கட்டிய விஷயம் வேறு. பகுதி பணம் வாங்கிய பிறகு, அதைச் செக்கில் குறிக்காமல் முழுத் தொகைக்கும் வங்கியில் போட்டால் 138-ஆவது பிரிவு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் ஒரு குஜராத் வழக்கில் தீர்ப்பளித்தது. அதைச் சொல்ல அத்தையிடம் பேங்க் ஸ்டேட்மென்ட் இருக்கிறது. கையில் ரொக்கமாகக் கொடுத்து ரசீதும் வாங்காதவருக்கு இந்த வழி எளிதில்லை.

“நீங்களாக எதுவும் எழுதி அனுப்பிவிடாதீர்கள்,” என்று மருமகள் கோடு போட்டு எழுதியிருந்தாள். ‘இரண்டு மாதம் டைம் கொடுங்கள், முழுப் பணத்தையும் கட்டிவிடுகிறேன்’ என்று எழுதினால் மொத்தக் கடனையும் ஒப்புக்கொண்டதாகிவிடும், கெடுவும் நிற்காது. கோபத்தில் ‘அவர் யாரென்றே தெரியாது’ என்று எழுதினால், ஜிபே கணக்கே எதிர்சாட்சி ஆகிவிடும். பதிலே போடாமல் இருந்தால், இப்படி ஒரு வாதம் உண்மையாக இருந்திருந்தால் அப்போதே ஏன் சொல்லவில்லை என்று விசாரணையில் கேட்பார்கள்.

ஆகவே பதில் வக்கீல் மூலம், ஏப்ரல் 8-க்கு முன்பே போவது நல்லது: கடன் வாங்கிய தேதி, செக் எதற்காகக் கொடுத்தது, 80,000 ரூபாய் கட்டிய தேதிகள், ஸ்டேட்மென்ட் நகல். மீதி 1,20,000 ரூபாயைக் கட்ட முடிந்தால் அதே கெடுவுக்குள் வங்கி வழியாகவே அனுப்பி, அதன் எண்ணையும் பதிலில் குறிக்க வேண்டும் என்பது மருமகளின் யோசனை. ரொக்கமாக யார் கையிலும் கொடுக்கக் கூடாது.

கெடு தாண்டி வழக்கே வந்துவிட்டாலும், எந்தக் கட்டத்திலும் இரு தரப்பும் சமாதானமாகப் போக 147-ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. தோற்றால் இரண்டு ஆண்டு வரை சிறையோ, செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சமாதானம் ஆகும்போது அந்தச் செக்கையும், ஃபைனான்ஸ்காரரிடம் வேறு கையெழுத்துப் போட்ட செக்குகள் இருந்தால் அவற்றையும் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லி, கடைசிப் பாராவில் ஒரு கேள்வி கேட்டிருந்தாள் மருமகள்: “அவரிடம் மொத்தம் எத்தனை செக் கொடுத்தீர்கள் அத்தை? உண்மையைச் சொல்லுங்கள்.”