நடுவில் சில எழுத்துகள்

டீச்சர் ஓய்வுபெற்ற பிறகு, மாணவிகள் எழுதிய பழைய கடிதங்களை லேப்டாப்பில் டைப் செய்துகொண்டிருந்தார். 1979-ல் வந்த ஓர் இன்லேண்ட் லெட்டரில் கை நின்றது. ‘படிப்பை வி’ என்பதற்கும் ‘ட்டேன்’ என்பதற்கும் நடுவே தண்ணீர் பட்டு மை கரைந்திருந்தது.

“‘விடமாட்டேன்’னுதான் இருக்கும் பாட்டி, அப்படியே அடிச்சிடுங்க” என்றாள் பேத்தி.

“‘விட்டுவிட்டேன்’னு இருந்தாலும் இதே ‘ட்டேன்’லதானே முடியும்?”

கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பால்பாயின்ட் பேனா என்றால் அழுத்திய தடமாவது தெரியும். இது மைப்பேனா. ‘விட்டு’ என்றால் ‘ட்’ மேல் புள்ளி இருக்க வேண்டும். லென்ஸ் வைத்துத் தேடினார். அந்த இடமே நீலத் திட்டு. மற்ற வரிகளோடு ஒப்பிட்டு அளந்தார். அதே அகலத்தில் அவள் சில இடங்களில் இரண்டு எழுத்து எழுதியிருந்தாள், சில இடங்களில் மூன்று.

அதற்குப் பிறகு அவளிடமிருந்து கடிதமே வரவில்லை.

“நல்லதையே போட்டா என்ன பாட்டி?”

“அது என் ஆசைம்மா. அவ எழுதினது ஆகாது.”

டைப் செய்தார்:

‘படிப்பை வி[2 அல்லது 3 எழுத்துகள் அழிந்துள்ளன]ட்டேன்.’

கீழே குறிப்பாக இரண்டு சொற்களையும் எழுதினார். அந்த வரியை போட்டோ எடுத்துப் பக்கத்தில் சேர்த்தார்.

“யாராவது கண்டுபிடிப்பாங்களா?”

“அவளே ஒருநாள் படிச்சா, நிரப்பிடுவா.”